பக்கத்து சீட்டிலிருந்து பேசாதீர்கள்

எனக்குச் சத்தம் கேட்கும். சொல்தான் கேட்காது. இதை யாருக்காவது புரியவைக்க முடியுமா என்று பார்த்துப் பார்த்தே பாதி ஆயுள் போய்விட்டது. கதவு அறைவது கேட்கும், குக்கர் விசில் கேட்கும், பஸ்காரன் அடிக்கிற ஹார்ன் கேட்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் ஒருவர் என் பெயரைச் சொல்லி நாலு வார்த்தை பேசினால், வாயில் சோறு வைத்துக்கொண்டு பேசுவதைப் போலத்தான் வரும். சின்ன வயதில் வந்த காய்ச்சல் இடது காதை முழுசாக எடுத்துக்கொண்டது. வலது காதில் பாதியை விட்டுவைத்தது. அந்தப் பாதியில்தான் மிஷின் மாட்டியிருக்கிறேன்.

பேச்சை நான் கேட்பதில்லை, பார்க்கிறேன். எதிரில் இருப்பவரின் உதட்டையும் கண்ணையும் பார்த்தால் முக்கால்வாசி பிடிபடும். மீதியை ஊகித்துக்கொள்வேன். ஊகிக்கவும் முடியாவிட்டால் சிரித்துத் தலையாட்டிவிடுவேன். என்னைப் போன்றவர்கள் எல்லாருக்கும் இந்தத் தலையாட்டல் உண்டு. "என்ன சொன்னீங்க?" என்று ஒருமுறை கேட்கலாம், இரண்டாம் முறையும் கேட்கலாம். மூன்றாம் முறை கேட்கும்போது எதிரில் இருப்பவரின் முகத்தில் ஒரு சலிப்பு வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதைவிடத் தலையாட்டுவது மேல்.

இப்படிப்பட்டவள் எதற்கு வண்டி ஓட்டக் கிளம்பினாள் என்று கேட்கலாம். எங்கள் ஊர் கருக்களாச்சேரியில் கேட்காத ஆள் இல்லை.

எங்கள் மகளிர் குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் மீன் விற்கிற பெண்கள். விடியற்காலை ஹார்பரில் ஏலம் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, பேரளம் பக்கமும் நன்னிலம் பக்கமும் கொண்டுபோய் விற்போம். மீனை வாங்குவதற்கு ஆள் உண்டு. மீனை ஏற்றுவதற்குத்தான் பஸ் கிடையாது. கூடையைப் பார்த்ததுமே கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விசில் கொடுத்துவிடுவார். வெயில் ஏற ஏற ஐஸ் உருகும், கானாங்கெளுத்தியின் கண் வெளுக்கும். வெளுத்த மீனை எந்த வீட்டு வாசலில் வைத்தாலும் அடிமாட்டு விலைதான். ஷேர் ஆட்டோக்காரர் கேட்கிற வாடகையைக் கொடுத்தால் நாங்கள் வெறும் கூடையோடு வீடு திரும்ப வேண்டியதுதான்.

அந்த நேரத்தில்தான் எங்கள் குழுவுக்கு மானியத்தில் ஒரு சரக்கு வண்டி ஒதுக்கியிருப்பதாகச் செய்தி வந்தது. குட்டியானை என்று எல்லாரும் சொல்கிற சின்ன வண்டி. ஒரே ஒரு நிபந்தனை: குழு உறுப்பினர் ஒருவரிடமாவது ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், அதன் நகலை மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்து இருக்கிற குழுவுக்கு வண்டி போய்விடும். மற்ற யாருக்கும் கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதப் படிக்க வராது. இளையவர்கள் இடுப்பில் பிள்ளையோடு இருந்தார்கள். பத்தாவது வரை படித்தவள் நான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் விசைப்படகில் போனால் திரும்ப வாரக்கணக்காகும், தடுக்கவும் ஆள் இல்லை.

குழுத் தலைவி எனக்குச் சின்னம்மா முறை. நான் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து பேசுகிற ஒரே ஆள் அவர்தான். "நீ ஓட்டிடுவடி. உனக்கு இருக்கிற கண்ணு எங்க யாருக்கும் கெடையாது" என்றார். எல்லாப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலத் தலையாட்டினேன். அன்றைக்கு மட்டும் புரிந்துதான் ஆட்டினேன்.

தருமபுரத்தில் இருக்கிற டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். முதல் இரண்டு நாள் அவர் கத்தினார், நான் விழித்தேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு "கிளட்ச்சு, கிளட்ச்சு" என்று அவர் அலறுவது எனக்கு ஏதோ ஓர் இரைச்சலாக மட்டுமே வரும். என்ன சொல்கிறார் என்று அவர் பக்கம் திரும்பினால் வண்டி வாய்க்காலைப் பார்த்துப் போகும். அவர் பிரேக்கை மிதிப்பார். கடைசியில் அவருக்கே தொண்டை கட்டிப்போய், கையால் பேசத் தொடங்கினார். கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டி இடது என்றால் இடது, வலது என்றால் வலது. உள்ளங்கையைத் தாழ்த்தினால் வேகம் குறை, விரித்து நிறுத்தினால் நில். அதற்குப் பிறகு நான் நன்றாக ஓட்டினேன். தலத்தெரு வளைவில் மாட்டைத் தாண்டி மாட்டுக்குத் தெரியாமல் போகிறேன் என்று அவரே ஒருமுறை பாராட்டினார்.

எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் உரிமத்துக்கான தேர்வு கம்ப்யூட்டரில். கேள்வி திரையில் வரும், விடையைத் தொட்டால் போதும். அங்கே எனக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. விண்ணப்பத்தோடு உடல்நிலை பற்றி நாமே உறுதி சொல்கிற ஒரு படிவம் இருக்கும். அதில் ஒரு கேள்வி: கருவியோடோ கருவி இல்லாமலோ, சாதாரண ஹார்ன் ஒலியைக் கேட்க முடியாத அளவுக்குச் செவிடா? இல்லை என்று எழுதினேன். அது சத்தியம். மிஷின் போட்டால் ஹார்ன் கேட்கும்.

ஆனால் ஓட்டிக் காட்டுகிற தேர்வு அப்படியில்லை. அன்றைக்கு மாஸ்டர் கீழே நிற்பார். இன்ஸ்பெக்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, இங்கே திருப்புங்கள், அங்கே நிறுத்துங்கள் என்று வாயால் சொல்வார். அதனால்தான் ஒரு கடிதம் எழுதினேன்.

"மதிப்பிற்குரிய ஐயா, எனக்குக் காது மந்தம். கருவி அணிந்தால் ஹார்ன் சத்தம் கேட்கும். ஆனால் ஓடும் வண்டியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது சொற்களாகக் கேட்காது. நான் வாயசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் வாயைப் பார்த்தால் சாலையைப் பார்க்க முடியாது. சாலையைப் பார்த்தால் உங்கள் வாயைப் பார்க்க முடியாது. ஆகவே நான் செய்ய வேண்டியவற்றை வண்டி புறப்படும் முன்பே தமிழில் எழுதித் தருமாறும், வண்டி ஓடும்போது கையால் திசை காட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து பக்கத்து சீட்டிலிருந்து பேசாதீர்கள். தேர்வை எளிதாக்கும்படி நான் கேட்கவில்லை. என்ன கேட்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்தால் போதும்."

யாரிடமும் நான் இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குப் பார்க்க வந்தபோதுகூட, "கொஞ்சம் மந்தம்" என்று வீட்டில் பூசி மெழுகியதுதான்.

கடிதத்தை மாஸ்டரிடம் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தவர்கள் யாரும் நேராக ஆபீஸ் கவுண்டரில் போய் நிற்பதில்லை. எல்லார் காகிதத்தையும் மாஸ்டர்தான் கட்டாக எடுத்துப்போவார், வரிசையாக வைப்பார், கூப்பிடும்போது ஆளைத் தள்ளிவிடுவார். அவர் கடிதத்தைப் படித்தார். மடித்தார். "சரிம்மா, ஃபைல்ல வெச்சிடறேன்" என்றார். நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

தேர்வு நாளன்று சின்னம்மா வேப்பிலையும் எலுமிச்சையும் கொண்டுவந்து மாஸ்டருக்குத் தெரியாமல் கார் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். காரோ டிரைவிங் ஸ்கூலுக்குச் சொந்தம். எலுமிச்சை உருண்டு பிரேக்குக்கு அடியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் பதறுகிறது. நல்லவேளை, மாஸ்டர் கண்டுபிடித்து எடுத்துப் போட்டார்.

இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தார். கையில் அட்டை, அதில் என் விண்ணப்பம். காகிதம் தரப்போகிறார் என்று கையை நீட்டத் தயாராக இருந்தேன். அவர் தரவில்லை. அட்டையைப் பார்த்தபடியே ஏதோ சொன்னார். தாடை அசைந்தது தெரிந்தது. கேள்வியா கட்டளையா என்று தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

அந்த ஒரு தலையாட்டல் போதும், நான் தோற்பதற்கு. இன்ஜின் சத்தம், ஏ.சி. சத்தம், அதற்கு மேல் அவர் பேசுவது எல்லாம் மிஷினுக்குள் ஒரே குழம்பாக வந்தன. மைதானத்துக்குள் நேராகப் போனேன். அவர் மறுபடி ஏதோ சொன்னார். கையைக் காட்டுவார் என்று பார்த்தேன், கை அட்டையில்தான் இருந்தது. வாயையாவது பார்ப்போம் என்று முகத்தைத் திருப்பினேன். ஒரு கணம்தான். அதற்குள் பக்கவாட்டில் நட்டிருந்த கம்பு ஒன்று சாய்ந்தது. வண்டியை நிறுத்தினேன், அவர் சட்டென்று இறங்கிவிட்டார். எனக்கு முன்னால் வந்து நின்று, இப்போது நன்றாகத் தெரிகிற மாதிரிப் பேசினார்.

"சொல்றத கேக்காம எங்கம்மா பாக்குறீங்க? ரோட்ட பாக்கணும்ல?"

"சார், லெட்டர் குடுத்திருந்தேனே..."

"என்ன லெட்டர்?"

நான் திரும்பி மாஸ்டரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. செருப்பு நுனியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். உதட்டைப் படிக்கத் தெரிந்தவளுக்கு முகத்தைப் படிப்பதா கஷ்டம்? கடிதம் ஃபைலில் போகவே இல்லை.

கேட்டுக்கு வெளியே வைத்து மாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். என் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று எனக்குத் தெரியாது. டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"ஏன் மாஸ்டர் எடுத்தீங்க?"

"ஆபீஸ்ல கேக்காதத நாமளா சொல்லக்கூடாதும்மா. இத்தன வருஷத்துல நான் கத்துக்கிட்டது அதான். காது கேக்காதுன்னு நீயே எழுதிக் குடுத்தா, எல்.எல்.ஆரே கேன்சல் ஆயிடும். சாரு நல்லா கைய ஆட்டிப் பேசுற ஆளு, நீ சமாளிச்சிடுவன்னு நெனச்சேன். உனக்கு நல்லதுன்னுதான்..."

"எனக்கு நல்லது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுப் போயிருக்கலாம். காலமெல்லாம் என் வீட்டில் செய்ததைத்தான் அவரும் செய்திருந்தார். மறைத்துக் காப்பாற்றப் பார்த்தார்.

மறு தேர்வுக்கு ஒரு வாரம் பொறுக்க வேண்டும். அதுதான் விதி. ஒரு வாரம் கழித்துத் தேதி கிடைத்தால் மாதக் கடைசிக்குள் வரும், கிடைக்காவிட்டால் வண்டி போச்சு. அன்று மாலை குழுவில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒருத்தி மட்டும் இன்னொருத்தியிடம் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள். என் முன்னால் வாயை மூடிப் பேசினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எவ்வளவு சத்தமாக அழுதேன் என்று தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து ஓடிவந்துவிட்டார்கள்.

மறுநாள் அதே கடிதத்தை மறுபடி எழுதி, நகல் ஒன்றும் எடுத்துக்கொண்டு, நானே ஆபீசுக்குப் போனேன். தபால் வாங்குகிற இடத்தில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக் கடிதத்தைப் படித்தார். பிறகு திரையில் என் விண்ணப்பத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"ஹார்ன் கேக்கும்னு அதுல போட்டிருக்கீங்க. பேசுறது கேக்காதுன்னு இதுல எழுதியிருக்கீங்க. ரெண்டுல எதும்மா நெசம்?"

"ரெண்டும்தாங்க."

"அது எப்படி? ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலன்னா பொய்யான தகவல்னு ஆயிடுமே. நான் இத உள்ள வெச்சா சார் அதத்தான் மொதல்ல கேப்பாரு."

மாஸ்டர் பயந்தது இதைத்தான். ஒரு கணம், அந்தக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்று தோன்றியது. மறுபடி தேதி வாங்கி, மறுபடி ஊகித்து, அதிர்ஷ்டம் இருந்தால் தப்பித்துக்கொள்ளலாம். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. அவர் முகத்தில் அந்தச் சலிப்பு வரத் தொடங்கியிருந்தது. வழக்கமாக நான் தலையாட்டிவிட்டு நகர்கிற இடம் அதுதான். கால் நகர்ந்தும்விட்டது. ஆனால் நகர்ந்து எங்கே போவது? ஹார்பருக்குப் போய் அந்தப் பெண்களின் முகத்தில் எப்படி விழிப்பது?

"அம்மா, வாயக் கையால மூடிக்கிட்டு ஏதாவது சொல்லுங்க" என்றேன்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு என்ன நினைத்தாரோ, கடிதத்தையே எடுத்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு பேசினார். கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சத்தம் வந்துச்சும்மா. நீங்க பேசினது தெரியும். என்ன பேசினீங்கன்னு தெரியாது. ஹார்னுக்கு அர்த்தம் ஒண்ணுதான், அதுனால எனக்குப் போதும். பேச்சுக்கு அப்படியில்லையே."

அவர் கடிதத்தை இறக்கினார். பிறகு, "உங்களுக்கு எத்தன புள்ளைங்கன்னு கேட்டேன்" என்றார், வாயை நன்றாகத் திறந்து. நகலில் முத்திரை குத்தித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். அசலை அவரே எழுந்து உள்ளே எடுத்துப்போனார்.

இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேசைக்கு எதிரே நின்றேன். அவர் நிமிர்ந்து பேசினார்.

"காது அறவே கேக்காதவங்களுக்கே லைசென்ஸ் குடுக்கலாம்னு இருக்கு. அதுக்காக நீங்க பயப்பட வேண்டாம். ஆனா உங்க ஃபாரமும் லெட்டரும் ஒத்து வரணும். ஜி.எச்.ல காது டாக்டரப் பாத்து, மிஷினோட என்ன கேக்குதுன்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டு வாங்க. எழுதித் தர்றதுல எனக்கு ஒண்ணும் செரமம் இல்ல. ஒண்ணே ஒண்ணு, வண்டி ஓடும்போது பேப்பரப் பாக்கக் கூடாது. பாத்தா ஃபெயில்தான்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருநாள் விடுப்பு, மறுநாள் காது பார்க்கிற அறைக்குச் சாவி இல்லை. அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏலத்துக்குப் போவேன், விலை கேட்காமல் நிற்பேன், சின்னம்மா எனக்கும் சேர்த்து மீன் எடுப்பார். இரவில் மிஷினைக் கழற்றிவைத்துவிட்டால் எனக்கு உலகமே இல்லை. முன்பெல்லாம் அந்த அமைதி பிடிக்கும். அந்த வாரம் பயமாக இருந்தது. ஒருவழியாகச் சான்றிதழ் கிடைத்தது. தேதியும் கிடைத்தது. மாதத்தின் கடைசி வேலைநாள்.

இந்த முறை மாஸ்டர் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஃபைலை என் கையிலேயே கொடுத்தார். "நீயே குடும்மா" என்றார்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை நீட்டினார். அச்சு இல்லை, பேனாவில் எழுதியது. முதலில் மைதானத்தில் எட்டு. பிறகு பின்னால் எடுத்துக் கம்புகளுக்கு நடுவே நிறுத்தவும். பிறகு கேட்டுக்கு வெளியே இடது. பெரிய சாலையில் கியர் மாற்றி நேராக. இரண்டாவது தெருவில் வலது. அங்கிருந்து சுற்றி ஆபீசுக்கே திரும்பவும். படித்தேன். மறுபடி படித்தேன். மனப்பாடம் ஆனதும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெல்ட் போட்டேன், கண்ணாடியைச் சரிசெய்தேன், கிளப்பினேன்.

எட்டு வந்தது. கம்புகள் அசையவில்லை. கேட்டைத் தாண்டி இடது எடுத்தேன். ஒரு சொல்லும் இல்லாத அந்தக் காருக்குள் முதல் தடவையாக எனக்கு வண்டியின் குலுக்கம் மட்டும் தெரிந்தது. எந்த கியரில் இருக்கிறேன் என்று காலே சொன்னது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன சொல்வாரோ என்ற பயம் இல்லாமல் ஓட்டுவது இவ்வளவு லேசா என்று இருந்தது.

இரண்டாவது தெரு. வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டேன். தெருவின் வாயிலேயே ஐஸ் லாரி ஒன்று குறுக்கே நின்று, கட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தது. திரும்ப வழி இல்லை.

ஓரக்கண்ணில் இன்ஸ்பெக்டரின் கை எழுந்தது தெரிந்தது. கண்ணாடிக்கு முன்னால் நீண்டு, ஒரு வீசல். போங்கள் என்றா, வேண்டாம் என்றா? நேராகவா, அடுத்த தெருவா, பின்னால் எடுக்கவா? கூடவே அவர் ஏதோ சொல்லவும் செய்தார். பழக்கதோஷம், அவருக்கே மறந்துபோயிருக்க வேண்டும். வந்தது சத்தம் மட்டும்தான்.

என் உடம்பு முழுக்க ஊகிக்கச் சொன்னது. போ, நேராகத்தான் சொல்லியிருப்பார், தலையாட்டிவிட்டுப் போ. காலமெல்லாம் அப்படித்தானே பிழைத்தாய். மாதக் கடைசி இன்று. நின்றாயானால் ஓட்டத் தெரியாதவள் என்பார்கள். பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டிக்கொண்டு ஹார்ன் அடித்தது. அது நன்றாகவே கேட்டது, காதுக்குள் ஆணி அடிப்பதைப் போல.

நான் ஊகிக்கவில்லை. வலது இண்டிகேட்டரை அணைத்து இடதைப் போட்டேன். கண்ணாடியில் பார்த்து, மெதுவாக ஓரம் கட்டி நிறுத்தினேன். நியூட்ரல். ஹேண்ட்பிரேக். பஸ் தாண்டிப் போனது. போகும்போது டிரைவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். அதைப் படிக்க முடிந்தது, இங்கே எழுத முடியாது. பிறகுதான் இன்ஸ்பெக்டர் பக்கம் முழுசாகத் திரும்பினேன்.

"சார், நீங்க சொன்னது எனக்குப் புரியல. எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். காகிதத்தை வாங்கிக்கொண்டபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் முகத்தை வைத்திருந்தார், ஒன்றும் படிக்க முடியவில்லை. அட்டையில் வைத்து எழுதிக் காட்டினார். அடுத்த தெருவில் வலது. அவ்வளவுதான். ஹேண்ட்பிரேக்கை எடுத்தேன், கண்ணாடி பார்த்தேன், இண்டிகேட்டர் போட்டு மறுபடி சாலையில் சேர்ந்தேன்.

ஆபீசில் நிறுத்தியதும் அவர் குனிந்து எழுதிக்கொண்டே ஏதோ சொன்னார். முகம் தெரியவில்லை. பாஸா ஃபெயிலா என்று எனக்குத் தெரியாது. தலை தானாக ஆடப்போனது. பிடித்து நிறுத்தினேன்.

"சார், அதையும் எழுதிடுங்க."

அவர் நிமிர்ந்தார். அப்போதுதான் முதல்தடவையாகச் சிரித்தார். என் வழித்தடம் எழுதிய அதே காகிதத்தில், கடைசி வரிக்குக் கீழே எழுதினார்: 'பாஸ். தெரியாதபோது ஓரம் கட்டினீர்கள். அது சரி.' காகிதத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். உரிமத்தை உள்ளே அப்போதே அச்சடித்துத் தந்தார்கள், நகலும் எடுத்துக்கொண்டேன்.

மாஸ்டர் கேட்டருகில் நின்றார். நான் காகிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு அவர் கண்ணாடிக்கு முன்னால் கையை நீட்டுவதைப் போலக் காற்றில் நீட்டி, நேராக என்று காட்டினார். போ, சீக்கிரம் போ. மாலை மானிய ஆபீஸ் மூடுவதற்குள் நகல் போய்ச் சேர வேண்டும், அதற்கு முதலில் குழுத் தலைவியான சின்னம்மாவின் கையெழுத்து வேண்டும்.

ஹார்பருக்கு ஆட்டோவில் போனேன். ஏலம் நடக்கிற தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். விற்றுத் திரும்பிய எங்கள் பெண்கள் காலிக் கூடைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்து ஒரே நேரத்தில் பேசினார்கள். கடல் காற்று, இன்ஜின் சத்தம், அத்தனை வாய். எதைப் பார்ப்பது? நான் காகிதத்தைத் தூக்கிக் காட்டினேன். அதை நீட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அவர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் உறைத்தது, அங்கே அதைப் படிக்கக்கூடியவள் நான் ஒருத்திதான். எனக்கு எழுதித் தர வேண்டும், அவர்களுக்கு வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

சொன்னேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஐஸ் உடைக்கிறவர்கள் கையை நிறுத்தினார்கள். படகில் வலை உதறியவர்கள் தலையைத் தூக்கினார்கள். சின்னம்மா அழுதபடியே கிட்டே வந்து, என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, நான் பார்க்கிற மாதிரிச் சொன்னார்:

"ஏண்டி இந்தக் கத்து கத்துற. எங்களுக்குக் காது கேக்கும்."